ஆலை ஷிப்டும் காயில் கட்டும் கடையும்: ஒரே காலத்தில் செய்த பணிகளைப் பயோடேட்டாவில் எழுதிய ஒருவரின் நிகழ்வு ஆய்வு

2024 தொடக்கத்தில் கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்த ஓர் எலக்ட்ரீஷியன் கோவையில் உள்ள ஒரு பம்ப் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். பாலக்காடு, பொள்ளாச்சிப் பகுதிகளுக்கான சர்வீஸ் டெக்னீஷியன் வேலை அது. அவருக்குத் தமிழும் மலையாளமும் சரளம். எரிந்த சப்மெர்சிபிள் மோட்டாரைப் பிரித்துக் காயில் கட்டத் தெரியும். பேனல் போர்டில் கோளாறு எங்கே என்று தேடத் தெரியும். எல்லைக்கு இருபுறமும் தோட்டக்காரர்களைத் தெரியும். அந்த வேலைக்கு இவரைவிடப் பொருத்தமான ஆளைத் தேடுவது கடினம். ஆனாலும் நேர்காணலுக்கு அழைப்பு வரவில்லை. விண்ணப்பங்களைப் பிரித்த அலுவலரிடம் நான் காரணம் கேட்டேன். அவர் சொன்னது ஒரே வரி: "இவர் எழுதியிருப்பது எல்லாம் உண்மை என்றால், தூங்குவதற்கு நேரமே இல்லையே."

மார்ச்சில் அதே வேலைக்கு மீண்டும் ஆள் கேட்டார்கள். அந்த இரண்டாவது விண்ணப்பத்தை இருவரும் சேர்ந்து எழுதினோம். அவருடைய அனுமதியோடு, ஆளையும் நிறுவனங்களையும் அடையாளம் காட்டாமல், அதை இங்கே விவரமாகப் பதிவு செய்கிறேன். வேலையோடு சேர்த்துச் சிறு தொழில் நடத்தும் பலரும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

பின்னணியைச் சற்றுச் சொல்ல வேண்டும். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஊராட்சிகள் பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத்தின் மழை இங்கே அவ்வளவாக எட்டுவதில்லை. தென்னையும் காய்கறியும் ஆழ்துளைக் கிணற்றை நம்பியே நிற்கின்றன. நீர்மட்டம் இறங்கினால் மோட்டார் வெறுமனே ஓடி எரிகிறது. மின்னழுத்தம் குறைந்தாலும் எரிகிறது. எனவே கஞ்சிக்கோட்டில் ஆலை வேலைக்குப் போகும் எலக்ட்ரீஷியன் ஊரில் காயில் கட்டும் கடையிலும் உட்கார்வது இங்கே யாரும் வியக்கிற செய்தி அல்ல. இப்படி இரண்டு வேலை பார்ப்பவர்கள் உண்டு என்பது கோவைப் பம்ப் நிறுவனத்தாருக்கும் நன்றாகத் தெரியும். அவர்கள் கேட்பது, எந்த மணி நேரம் யாருடையது என்பதைத்தான்.

முதல் பயோடேட்டா

ஆங்கிலத்தில் இருந்த வரிகளைத் தமிழில் தருகிறேன். மேலே, கொட்டை எழுத்தில், "13 ஆண்டு அனுபவம்". அதன் கீழே நான்கு வரிகள்:

ஆலை ஒன்று, மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன், ஜூலை 2017 – ஜூலை 2021.
ஆலை இரண்டு, மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன், ஆகஸ்ட் 2021 – இன்று வரை.
உரிமையாளர், பம்ப்செட் விற்பனை மற்றும் ரீவைண்டிங், ஜனவரி 2020 – இன்று வரை. மாதம் 60 மோட்டார்.
சர்வீஸ் இன்சார்ஜ், பொள்ளாச்சி பம்ப் டீலர், ஏப்ரல் 2022 – இன்று வரை.

கடைசியில், கல்விப் பகுதியில்: ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன், 2017.

படிப்பவர் முதலில் கண்ணை ஓட்டுவது அந்த 13-க்கும் 2017-க்கும் நடுவில்தான். படித்து முடித்தது 2017, விண்ணப்பித்தது 2024. நடுவில் 7 ஆண்டுகூட இல்லை. அவர் எப்படிக் கணக்குப் போட்டார் என்று கேட்டேன். ஆலைகளில் 6 ஆண்டு 8 மாதம், கடையில் 4 ஆண்டு 2 மாதம், டீலரிடம் ஏறக்குறைய 2 ஆண்டு, எல்லாவற்றையும் கூட்டியிருக்கிறார். "மூன்று இடத்திலும் உண்மையாக வேலை செய்திருக்கிறேனே, அண்ணா" என்றார். அதில் பொய் இல்லை. ஆனால் அனுபவ ஆண்டு என்று அலுவலகங்கள் எண்ணுவது நாள்காட்டியில் ஓடிய காலத்தை மட்டும். ஒரே மாதத்தில் மூன்று வேலை செய்தாலும் அது ஒரு மாதம்தான். கூட்டிப் போட்ட அந்த ஓர் எண், கீழே இருந்த உண்மையான வரிகளையும் சந்தேகத்துக்குள் இழுத்துவிட்டது.

மணி நேரக் கணக்கு

அடுத்து 60 மோட்டார். ஆலையில் அவருக்கு மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும்: காலை 6 முதல் 2 வரை, பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை, இரவு 10 முதல் காலை 6 வரை. வாரம் ஆறு நாள். வண்டியில் போக வர ஒன்றரை மணி நேரம். நேரத்தை உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். காலை ஷிப்ட் வாரத்தில் மாலையில் மூன்று மணி நேரம் கடையில் இருக்க முடியும். பிற்பகல் ஷிப்ட் வாரத்தில் அதே அளவு முற்பகலில் கிடைக்கும். இரவு ஷிப்ட் வாரத்தில் எதுவும் இல்லை. ஞாயிறு கிட்டத்தட்ட முழு நாள். வீட்டுக் காரியங்களைக் கழித்துச் சராசரி பார்த்தால் மாதம் 50 மணி நேரத்துக்குச் சற்று மேல் வந்தது.

சப்மெர்சிபிள் மோட்டார் ஒன்றைப் பிரித்து, பழைய காயிலை எடுத்து, புது ஒயரைக் கையால் ஸ்லாட்டுக்குள் கோர்த்து, பூட்டிச் சோதிப்பது ஏறக்குறைய ஓர் ஆளின் ஒரு நாள் வேலை. அப்படியென்றால் அவருடைய 50 மணி நேரத்தில் ஆறு மோட்டார் கட்டலாம். கோவையில் பம்ப் நிறுவனத்தில் பயோடேட்டா படிப்பவருக்கு இந்தக் கணக்கு விரல் நுனியில் இருக்கும். 60 என்பது கடையின் மொத்த எண்ணிக்கை. தம்பியும் இரண்டு வேலையாட்களும் முழு நேரம் இருந்து செய்தது.

இதைப் பேசும்போதுதான் அவருக்கே தெளிவாகாமல் இருந்த ஒன்று வெளியே வந்தது. 2022 ஏப்ரலில் டீலர் வேலை தொடங்கிய பிறகு அவர் காயில் கட்டுவதையே ஏறக்குறைய விட்டுவிட்டார். டீலருக்காக மாதம் எட்டு, ஒன்பது இடங்களுக்குப் போய்க் கோளாறு பார்த்தார். கடைக்குப் போனால் கட்டி முடித்த மோட்டாரைச் சோதித்துக் கொடுப்பதோடு சரி. ஆக மூன்றாவது வரியும் நான்காவது வரியும் அவருடைய அதே 50 மணி நேரத்தைத்தான் ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்தியிருக்கின்றன. காகிதத்தில் மட்டும் அவை மூன்றாவது, நான்காவது முழு வேலைகளைப் போல நின்றன.

ஒன்றன்மேல் ஒன்று விழும் பணிகளை எழுத உட்காரும் எவரும் முதலில் செய்ய வேண்டியது இந்த வாரக் கணக்கு என்று நான் உறுதியாகச் சொல்வேன். தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஒரு விளக்கத்தில் தீர்ந்துவிடும். மணி நேரம் பொருந்தவில்லை என்றால் எந்த விளக்கமும் நிற்காது.

கடை யாருடையது

"உரிமையாளர்" என்ற சொல் அடுத்த சிக்கல். ஊராட்சி உரிமம் தம்பி பெயரில் இருந்தது. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவும் தம்பி பெயரில். உத்யம் எண் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் இணையத்தில் சரிபார்க்கலாம். இவர் முதல் போட்டார், தொழில் கற்றுக் கொடுத்தார் என்பது குடும்பத்துக்குள் இருக்கும் உண்மை. காகிதத்தின்படி கடை அவருடையது அல்ல. "பின்னே என்ன எழுதுவது? கடையில் வேலையாள் என்றா?" என்று சற்று வருத்தத்தோடு கேட்டார். "பகுதி நேரம், குடும்பக் கடை" என்று எழுதினோம். வேலையில் சேர்ப்பவருக்கு அந்த நான்கு சொற்களில் எல்லாம் விளங்கிவிடும். கையெழுத்துப் போடும் ஆள் வேறு, இவர் நேரம் கிடைக்கும்போது உதவுகிறவர் என்று.

"பம்ப்செட் விற்பனை" என்பதையும் நீக்கச் சொன்னேன். கடையில் பேரிங், கபாசிட்டர் போன்றவற்றை ரிப்பேர் செய்யும் மோட்டாருக்குப் போடுவார்களே தவிர, பம்ப் விற்றதில்லை. கனமாக இருக்கட்டும் என்று சேர்த்த சொல். எல்லைப்புறத்தில் அதற்கு வேறு பொருளும் வந்துவிடும். சேவை மட்டும் செய்பவருக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. பக்கத்து மாநிலத்தில் போய்ச் சேவை செய்தாலும் அந்த விலக்கு உண்டு. ஆனால் பொருளைக் கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு விற்றால், தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பதிவு கட்டாயம். எல்லையில் உள்ள வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கம் வாடிக்கையாளர்கள் உண்டு என்று எழுதிவிட்டு, விற்பனை என்றும் எழுதினால், நேர்காணலில் வரும் அடுத்த கேள்வி ஜி.எஸ்.டி. எண் என்ன என்பதுதான். செய்யாத வியாபாரத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டி வரும்.

டீலர் வேலையில் "சர்வீஸ் இன்சார்ஜ்" என்பதும் அவரே சூட்டிக்கொண்ட பெயர். டீலர் அவருக்குச் சம்பளம் தரவில்லை. ஓர் அழைப்புக்கு 1,000 ரூபாய் வீதம் வங்கிக் கணக்கில் போட்டிருக்கிறார். ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியதால் ஒப்பந்தப் பணி என்ற கணக்கில் 1 சதவீதம் வரி பிடித்திருக்கிறார்கள். அது, பிடித்த வரியைக் காட்டும் 26ஏ.எஸ். அறிக்கையில் தெளிவாக இருக்கிறது. இவரும் வருமான வரிக் கணக்கைச் சம்பளக்காரர்களுக்கான ஐ.டி.ஆர்.-1-இல் தாக்கல் செய்யாமல், சிறுதொழில் வரவையும் காட்டும் ஐ.டி.ஆர்.-4-இல் செய்திருந்தார். இது அவருக்குப் பெரிய பலம். ஆவணத்தில் ஒப்பந்தப் பணி என்று இருப்பதைப் பயோடேட்டாவிலும் அப்படியே எழுதினால் ஒன்றுக்கொன்று சாட்சி ஆகிவிடும். "இன்சார்ஜ்" என்று எழுதினால், சம்பளச் சீட்டு எங்கே, வைப்பு நிதி எங்கே என்று கேட்பார்கள்.

2021 ஆகஸ்ட்

இரண்டு ஆலை வேலைகளின் தேதிகளும் சில நாட்களுக்கு ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தன. முதல் ஆலையில் நோட்டீஸ் காலத்தின் கடைசி மூன்று வாரங்களை மீதமிருந்த விடுப்பில் கழித்துக்கொண்டார்கள். விடுவிப்புக் கடிதத்தில் தேதி 31 ஆகஸ்ட் 2021. இரண்டாவது ஆலையில் சேர்ந்தது 16 ஆகஸ்ட். இதை மறைக்கத்தான் பயோடேட்டாவில் முதல் வேலை ஜூலையில் முடிந்ததாக எழுதியிருந்தார்.

வைப்பு நிதி உறுப்பினர் எண்ணான யு.ஏ.என்.-இன் பணி வரலாற்றில் இரண்டு தேதிகளும் அடுத்தடுத்த வரிகளில் நிற்கும். பாஸ்புக்கில் ஆகஸ்ட் மாதத்துக்கு இரண்டு ஆலைகளும் பணம் கட்டியிருக்கும். கடிதம் ஆகஸ்ட் என்கிறது, வைப்பு நிதி ஆகஸ்ட் என்கிறது, இவர் மட்டும் ஜூலை என்கிறார். பதினாறு நாள் இரண்டு வேலையிலும் வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு மாதத்தை மாற்றி எழுதியதைச் சரிபார்ப்பவர் கட்டாயம் குறித்துவைப்பார்.

பயோடேட்டாவில் மாதமும் ஆண்டும் போதும். "ஜூலை 2017 – ஆகஸ்ட் 2021", அடுத்து "ஆகஸ்ட் 2021 – இன்று வரை". வேலை மாறுகிறவர்களுக்கு ஒரே மாதம் இரண்டு வரியிலும் வருவது இயல்பு. நிறுவனத்தின் விண்ணப்பப் படிவத்தில் நாள் கேட்டால் உண்மையான நாளை எழுதி, "31.08.2021 வரை முதல் ஆலையில் நோட்டீஸ் கால விடுப்பு" என்று பக்கத்தில் ஒரு வரி. விடுப்பில் இருக்கும்போது வேறு இடத்தில் சேரக் கூடாது என்று சில நியமனக் கடிதங்களில் இருக்கும். இவருடையதில் அப்படி ஒரு விதி இல்லை என்பதைப் படித்துப் பார்த்த பிறகே அந்த வரியை எழுதினோம்.

வைப்பு நிதிக் கணக்கை மாற்றும்போதும் தேதிகள் இப்படி ஒன்றன்மேல் ஒன்று விழுவது பலருக்குத் தொல்லை தந்திருக்கிறது. அதை மட்டுமே காரணமாகக் காட்டி மாற்ற விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்று வைப்பு நிதி அமைப்பு 2025 மே மாதத்தில் தன் அலுவலகங்களுக்கு அறிவுறுத்தியது. நாட்கள் அப்படி விழுவதற்கு நேர்மையான காரணம் இருக்கக்கூடும் என்பதை அந்த அமைப்பே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அனுமதிக் கடிதம்

இதில்தான் நான் மிகவும் தயங்கினேன். இரண்டாவது ஆலையின் நியமனக் கடிதத்தில், எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வேறு வேலையோ தொழிலோ செய்யக் கூடாது என்று தெளிவாக இருந்தது. அவர் அனுமதி கேட்டதே இல்லை. இப்போதைய நிறுவனத்தின் விதியை மீறியதைப் புதிய நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தால், நாளை எங்களிடமும் இதையே செய்வாய் என்றுதான் நினைப்பார்கள்.

அப்போது நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, ஒரே நாளில் இரண்டு தொழிற்சாலைகளில் வேலை செய்வதைத்தான் தடுத்தது. தோட்டத்துக்குப் போய் மோட்டார் பார்ப்பது அதில் வராது. எனவே சட்டப்படி குற்றம் இல்லை. ஒப்பந்தப்படி குறை உண்டு. பக்கத் தொழிலைப் பயோடேட்டாவில் எழுதாமலே விடலாமா என்றும் யோசித்தோம். எதை எழுதுவது என்பது எழுதுபவரின் உரிமை. விட்டுவிடுவது பொய் ஆகாது. ஆனால் இந்த வேலைக்கு அவருடைய முக்கியத் தகுதியே அந்தப் பக்கத் தொழில்தான். மேலும் பம்ப் நிறுவனத்தின் படிவத்தில் "வேறு வேலை, தொழில் உண்டா" என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே "இல்லை" என்று எழுதினால் அது பொய்.

பிப்ரவரியில் அவர் ஆலை நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தார். குடும்பக் கடையில் உதவுவதையும் டீலருக்கான அழைப்புகளையும் மறைக்காமல் எழுதி, ஷிப்ட் நேரத்துக்கு வெளியே தொடர அனுமதி கேட்டார். நிர்வாக அலுவலர் முன்பே கேட்டிருக்க வேண்டும் என்று கடிந்துகொண்டார். ஆலையின் உற்பத்திக்கும் பம்புக்கும் தொடர்பில்லை என்பதால் சில வாரங்களில் அனுமதியும் வந்தது. அந்தக் கடிதம் கொடுக்கப்பட்ட நாளிலிருந்துதான் செல்லும். 2022 முதலே அனுமதியோடு செய்ததாகக் காட்டும்படி "நிறுவன அனுமதியுடன்" என்று பயோடேட்டாவில் சேர்க்க அவர் விரும்பினார். நான் ஒப்பவில்லை. கடிதத்தின் தேதியைப் பார்த்தால் போதும், அந்த இரண்டு சொல் முழுப் பக்கத்தையும் கெடுத்துவிடும். கேட்டால் காட்டலாம் என்று கடிதத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

திருத்திய வரிகள்

மேலே: "ஆலைப் பராமரிப்பில் 6 ஆண்டு 8 மாதம், அதனுடன் பகுதி நேரமாக 4 ஆண்டு சப்மெர்சிபிள் மோட்டார் பணி." இரண்டு எண்களையும் கூட்டவில்லை. "அதனுடன்" என்ற சொல்லே இரண்டும் ஒரே காலம் என்று சொல்லிவிடுகிறது.

ஆலை வேலைகள் இரண்டும் "பணி அனுபவம்" என்ற தலைப்பில் வந்தன. பக்கத் தொழில் அதற்குக் கீழே, "பகுதி நேரப் பணி" என்ற தனித் தலைப்பில், ஒரே பதிவாக:

"மோட்டார் பழுதுபார்ப்பு, ஷிப்டுக்கு வெளியிலும் ஞாயிறுகளிலும், ஜனவரி 2020 – இன்று வரை. மார்ச் 2022 வரை: குடும்பக் கடையில் மாதம் 5, 6 மோட்டார் காயில் கட்டுதல். ஏப்ரல் 2022 முதல்: பொள்ளாச்சி பம்ப் டீலருக்கு ஒப்பந்த முறையில் மாதம் 8, 9 கள அழைப்புகள், கடையில் சோதனை மட்டும்."

60 என்பது 6 ஆகிவிட்டதே என்று அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் அந்த 6 நம்பத்தக்க எண். அதைப் படிக்கும் சர்வீஸ் மேலாளருக்கு, இவர் கையால் கட்டியவர், கணக்குத் தெரிந்தவர் என்று தோன்றும். நாலேகால் ஆண்டுக்கு மாதம் ஆறு என்றாலே முந்நூறு மோட்டாருக்கு மேல் என்று அவர் வாதாடினார். ஆனால் அவர் கட்டியது இரண்டே கால் ஆண்டுதான் என்று மீண்டும் தேதியைக் காட்ட வேண்டியிருந்தது.

நேர்காணல்

இந்த முறை அழைப்பு வந்தது. சர்வீஸ் மேலாளர் நேராகப் பகுதி நேர வரிக்குப் போனார். "பிற்பகல் ஷிப்டில் இருக்கும் நாளில், நான்கு மணிக்கு ஒரு தோட்டத்தில் மோட்டார் நின்றால் யார் போவார்கள்?"

"நான் போவதில்லை, சார். டீலரிடம் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்கள் போவார்கள். மறுநாள் காலை வரை பொறுக்கலாம் என்பதும் ஞாயிற்றுக்கிழமை வேலையும்தான் எனக்கு வரும்" என்றார். அழைப்புச் சீட்டுகளைக் கட்டாக எடுத்துப் போயிருந்தார். மேலாளர் சிலவற்றை உருவி, தேதியை அவருடைய ஷிப்ட் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பொருந்தியது.

அடுத்த கேள்வி கடுமையானது. அந்த டீலர் விற்பது போட்டி நிறுவனத்தின் பம்ப். "அங்கே யார் யாருக்கு எங்கள் பம்ப் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வாரண்டி அழைப்பு உங்கள் தம்பி கடைக்குப் போகாது என்பதற்கு என்ன உறுதி?" டீலர் வேலையைச் சேரும் நாளுக்கு முன்பே முடித்துக்கொள்வதாக அவர் சொன்னார். கடையைப் பற்றி, அது தம்பியுடையது, அதை மூடும் அதிகாரம் தனக்கு இல்லை என்றார். இந்தப் பதில்களை நாங்கள் முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். நிறுத்தப் போகிறேன் என்ற வாக்கைப் பயோடேட்டாவில் எழுத வேண்டாம் என்பது என் கருத்து. அது நடந்ததைச் சொல்லும் காகிதம். வாக்குறுதிக்கு இடம் நேர்காணலும் உறுதிமொழிப் பத்திரமும்தான்.

சரிபார்ப்பில் ஆகஸ்ட் 2021 பற்றி ஒரு மின்னஞ்சல் வந்தது. படிவத்தில் ஏற்கெனவே எழுதியிருந்த வரியையும் விடுவிப்புக் கடிதத்தையும் அனுப்பியதோடு அது முடிந்தது.

நிறுவனம் கடைசியாகக் கேட்டது கடையை மூட வேண்டும் என்பதை. உரிமமும் உத்யம் பதிவும் தம்பி பெயரில் இருந்ததைக் காட்டியபோது அந்தக் கோரிக்கையைக் கைவிட்டார்கள். பதிலாக உறுதிமொழிப் பத்திரத்தில் மூன்று செய்திகளைச் சேர்த்தார்கள்: டீலருடனான ஒப்பந்தம் முடிந்த தேதி, வாரண்டிக் காலத்தில் இருக்கும் தங்கள் பம்ப் எதையும் அந்தக் கடை தொடாது என்பது, கடை உரிமையாளருடன் அவருக்குள்ள உறவு. தம்பியும் சாட்சியாகக் கையெழுத்திட்டார். ஜூன் மாதம் அவர் வேலையில் சேர்ந்தார். இப்போது அவருடைய பயோடேட்டாவில் பகுதி நேரப் பணி "மே 2024" என்று முடிகிறது.